மீன் அமிலமா, போன வருஷத்துக் கெட்ட காலமா?

போன சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்று பெருமையாகச் சொன்னேன்: "மகசூல் குறைந்த மூன்று வயல்களுக்கு மீன் அமிலம் தெளித்தேன். அரை ஏக்கருக்கு 11 மூட்டை கண்ட வயல்கள் 13 கண்டுவிட்டன." எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்த பிறகுதான் உறுத்தியது. வங்கியில் முப்பது வருஷம் கணக்கு பார்த்த புத்தி சும்மா இருக்குமா?

என்னிடம் இருப்பது ஆறு ஏக்கர். அரை அரை ஏக்கராகப் பன்னிரண்டு வயல்கள், எல்லாவற்றிலும் ஒரே ரக நெல். முதல் வருஷம் மொத்த சராசரி வயலுக்கு 15 மூட்டை. கடைசியில் நின்ற மூன்று வயல்களின் சராசரி 11, முதலில் நின்ற மூன்றின் சராசரி 19. மறு வருஷமும் மொத்த சராசரி அதே 15 தான். அமிலம் தெளித்த கடைசி மூன்றும் 13 ஆயின. நான் கூட்டத்தில் சொல்லாமல் விட்டது, முதலில் நின்ற மூன்றும் 17 ஆக இறங்கியதை. அவற்றுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. கடைசி இரண்டு மூட்டை ஏறியது, முதல் இரண்டு மூட்டை இறங்கியது.

காரணம் இதுதான். ஒரு வயலின் மகசூலில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று நிலையானது: மண், மேடு பள்ளம், தலைமடையா கடைமடையா என்பது. இன்னொன்று அந்த வருஷத்து யோகம்: எலி வெட்டு, புகையான் விழுந்த இடம், கதிர் சாய்ந்தது, முறைத் தண்ணீர் நாலு நாள் பிந்தியது. "மகசூல் குறைந்த வயல்" என்று பொறுக்கும்போது, மண் சுமாரான வயலோடு, அந்த வருஷம் அடிபட்ட வயலும் சேர்ந்துதான் கைக்கு வரும். மண் மறு வருஷமும் அப்படியே இருக்கும். ஆனால் எலி அதே வயலுக்கே வரணும் என்று விதியில்லை. அதனால் தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும், அந்த வயல்கள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நல்ல யோகத்தில் முதலில் நின்றவை அதே மாதிரி இறங்கும்.

பிரான்சிஸ் கால்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1886-ல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து இதைக் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் குறைவு. மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் அவர்களைவிட உயரம். இதற்குப் பெயர் சராசரிக்குத் திரும்புதல்.

அப்படியானால் மீன் அமிலம் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. என் கணக்கு இரண்டையும் நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் மூன்றாம் வருஷம் வேறு மாதிரி செய்தேன். கீழே நின்ற ஆறு வயல்களின் பெயரைச் சீட்டில் எழுதி, பேத்தியை விட்டு மூன்றை எடுக்கச் சொன்னேன். அந்த மூன்றுக்கு மட்டும் பத்து லிட்டர் டேங்குக்கு 100 மில்லி வீதம் தெளித்தேன். மற்ற மூன்றுக்கு வெறும் தண்ணீர். ஆறுமே ஏறின. தெளித்தவை தெளிக்காதவற்றைவிட அரை மூட்டை கூடுதல். வயலுக்கு வயல் இரண்டு மூட்டை வித்தியாசம் சாதாரணமாகவே வரும்போது, மூன்று வயலில் வந்த அரை மூட்டையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு மூன்று போகம் பார்க்கணும்.

சீட்டு எதற்கு? நானே பொறுக்கினால், கை தன்னால் வரப்போரம் நல்லா இருக்கிற வயலுக்குத்தான் போகும்.

இன்னொரு மறைவான குழி உண்டு. இது ஒரு கணக்குக்காக: 30 பேர் இயற்கை முறைக்கு மாறுகிறார்கள். முதல் வருஷ சராசரி 15 மூட்டை. மூன்று வருஷத்தில் 18 பேர் விட்டுப் போகிறார்கள். மிச்சமுள்ள 12 பேரின் சராசரி 18. "பதினைந்திலிருந்து பதினெட்டு!" என்று மேடையில் சொல்லலாம். ஆனால் அந்த 12 பேரும் சொந்தக் கிணறு, மாடு உள்ளவர்கள். முதல் வருஷமே அவர்களுக்கு 18 தான். விட்டுப் போனவர்களுக்கு 13. யாருக்கும் ஒரு மூட்டைகூட ஏறவில்லை. குறைந்தவர்கள் கணக்கிலிருந்து மறைந்தார்கள், சராசரி தானாக ஏறிவிட்டது. மேடையில் பேசுகிறவர் எப்போதும் தாக்குப்பிடித்தவர்தான். நஷ்டப்பட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் அந்தப் பந்தலுக்கே வருவதில்லை.

உரக் கம்பெனிக்காரர் காட்டும் 'முன், பின்' படத்துக்கும் இதே கணக்குதான், நம் கூட்டத்தில் நாம் காட்டுவதற்கும் இதே கணக்குதான். இனி யாராவது ஏற்றத்தைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். வயலை எப்படிப் பொறுக்கினீர்கள்? ஒன்றும் செய்யாத பக்கத்து வயல் என்ன கண்டது? ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்?

அடுத்த கூட்டத்தில் என் 17 மூட்டைக் கதையையும் சேர்த்தே சொன்னேன். கைதட்டல் குறைவுதான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.