கால் ஆப்ஷனின் விலை: d1, d2 கணக்கிடும் முறை

கால் ஆப்ஷன் வாங்குவோர் செலுத்தும் பிரீமியம் நியாயமானதா என்பதை அறிய, 1973-இல் பிளாக், ஷோல்ஸ் ஆகியோர் வெளியிட்ட சூத்திரம் உதவுகிறது. பங்கின் விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. ஆகவே விலையை விடுத்து, விலையின் மடக்கை இயல்நிலைப் பரவலில் அமைவதாக அச்சூத்திரம் கொள்கிறது. முதிர்வு நாளில் மட்டுமே பயன்படுத்தக்கூடிய, இடையில் ஈவுத்தொகை இல்லாத ஆப்ஷனுக்கு அது பொருந்தும்.

C = S·N(d1) − K·e^(−rT)·N(d2)

d1 = [ln(S/K) + (r + σ²/2)T] / (σ√T)

d2 = d1 − σ√T

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பங்கின் இன்றைய விலை S ரூ.1,000, ஒப்பந்த விலை K ரூ.1,050, காலம் T மூன்று மாதம், அதாவது 0.25 ஆண்டு, வட்டி r 6%, ஆண்டு ஏற்ற இறக்கம் σ 20%. சதவீதங்களை 0.06, 0.20 என்றே எழுத வேண்டும்.

முதலில் σ√T = 0.20 × 0.5 = 0.10.

அடுத்து ln(1000/1050) = −0.0488. பங்கு விலை ஒப்பந்த விலையைவிடக் குறைவாதலால் இது குறை எண்ணாகும். மிகை எண் வந்தால் வகுத்தலைத் தலைகீழாகச் செய்துவிட்டோம் எனக் கொள்ளலாம்.

பின்னர் (0.06 + 0.02) × 0.25 = 0.02. இரண்டையும் கூட்டினால் −0.0288. அதனை 0.10-ஆல் வகுக்க, d1 = −0.288. அதிலிருந்து 0.10-ஐக் கழிக்க, d2 = −0.388.

N என்பது இயல்நிலைப் பரவல் அட்டவணை தரும் மதிப்பு. எக்செல்லில் இவ்வாறு பெறலாம்:

```
=NORM.S.DIST(-0.288,TRUE)
```

N(d1) = 0.3867; N(d2) = 0.3490. ஒப்பந்த விலையின் இன்றைய மதிப்பு 1,050 × 0.9851 = ரூ.1,034.37. எனவே விலை 386.70 − 361.00 = சுமார் ரூ.25.70.

இவற்றுள் N(d2) நமக்கு முக்கியமானது. பங்கு சராசரியாக இடரற்ற வட்டி விகிதத்தில் வளர்வதாகக் கொள்ளும் இம்மாதிரியில், முதிர்வு நாளில் விலை ரூ.1,050-ஐத் தாண்டும் வாய்ப்பு 35 சதவீதமே. எஞ்சிய 65 சதவீதத்தில் பிரீமியம் முழுவதும் இழப்பாகும். தாண்டினாலும் ரூ.1,075.70-ஐ எட்டும் வரை நமக்கு ஆதாயம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. S, K, T, r ஆகியவற்றை நேராகப் பார்த்து எழுதலாம். σ மட்டும் நமது மதிப்பீடு. அதனை 30% எனக் கொண்டால் இதே ஆப்ஷனின் விலை சுமார் ரூ.45 ஆகிறது. ஆகவே சந்தை விலை கணக்கிட்டதைவிட மிகுதியாகத் தோன்றினால், சந்தை தவறியது என முடிவு செய்யுமுன், நாம் எடுத்துக்கொண்ட σ சரியானதா என ஆராய்தல் நலம்.