கடைசி வரியை வெட்டிவிடு

தலவாக்கலை

அன்புள்ள மகளுக்கு,

தொழிற்சாலைக் கிளாக்கர் வேலைக்கு நேர்முகத்துக்கு வந்து தெரிவாகாதவர்களுக்கு நீ எழுதிய மின்னஞ்சலை வாசித்தேன். கடைசி வரியில் எனக்குக் கோபமே வந்துவிட்டது: “தங்கள் விண்ணப்பத்தைக் கோப்பில் வைத்திருந்து, வெற்றிடம் ஏற்படும்போது அறியத்தருவோம்.” அந்தக் கோப்பை யாரம்மா திறக்கப்போகிறார்கள்? அடுத்த வெற்றிடத்துக்கும் புதிதாகத்தான் விளம்பரம் போடுவீர்கள்.

நான் தோட்ட அலுவலகத்தில் இருந்த காலத்தில் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் அலுவலகத்துக்கே வரும். உயர்தரம் முடித்த ஒரு பையனுக்கு இதே வரியோடு ஒரு கடிதம் வந்தது. அதன்பிறகு தபால் பை வரும் நேரமெல்லாம் வாசலில் நிற்பான். கொழும்பில் அவன் மாமா அவனுக்காக ஒரு கடையில் வேலை பார்த்து வைத்திருந்தார். “அறியத்தருவோம் என்று எழுதியிருக்கிறார்களே” என்று அவன் போகவில்லை. கடைக்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். எழுதியவர் இரக்கத்தோடுதான் எழுதியிருப்பார். அந்த இரக்கம்தான் அவன் வேலையைக் கெடுத்தது.

இன்னொன்று. “தங்கள் திறமை எங்களைக் கவர்ந்தது” என்று தொடங்கி, நான்காவது வாக்கியத்தில்தான் இல்லை என்கிறாய். கைத்தொலைபேசியில் முதல் வரிதான் முதலில் தெரியும். விண்ணப்பித்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடிச் சொல்லிவிடுவாள். இப்படி மாற்று:

“வணக்கம். நேர்முகத்துக்கு வந்தமைக்கு நன்றி. தொழிற்சாலைக் கிளாக்கர் பதவிக்கு நீங்கள் தெரிவாகவில்லை. வேறொருவர் நியமிக்கப்பட்டுவிட்டார், இந்த முடிவு மாறாது. காத்திருப்புப் பட்டியல் எதுவும் இல்லை. இனி வெற்றிடம் விளம்பரமானால் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம்; இந்த விண்ணப்பம் அதற்குச் சேராது.”

நீ எழுதியதில் உள்ள “தற்போதைக்கு”, “இம்முறை” இரண்டையும் எடுத்துவிடு. இரண்டும் கதவை ஒருக்களித்து வைக்கின்றன. காரணம் எழுதுவதானால் உண்மையானதை மட்டும் எழுது: “தெரிவானவருக்குத் தொழிற்சாலைக் கணக்கில் முன் அனுபவம் இருந்தது.” அது உண்மையில்லை என்றால் காரணமே வேண்டாம். தெரிவானவர் நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்ட பிறகே அனுப்பு. அதற்குமுன் அனுப்பினால், அவர் வராமல் போகும்போது “மாறாது” என்றது பொய்யாகிவிடும். கையொப்பமான பிறகு ஒரு நாளும் தாமதிக்காதே.

சான்றிதழ்ப் பிரதிகளை எங்கே, யாரிடம், எத்தனை மணிக்குத் திரும்பப் பெறலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதில் ஓர் எழுத்தையும் தொடாதே. இத்தனை வருடத்தில் நான் பார்த்த எந்த நிராகரிப்புக் கடிதத்திலும் அப்படி ஒரு வரி இருந்ததில்லை. பிரதி எடுக்கவும் காசு வேண்டும் என்று தெரிந்த பிள்ளைதான் அதை எழுத முடியும்.

அந்தக் கோப்பு வரியை மட்டும் இன்றைக்கே வெட்டிவிடு. உன் பதிலுக்காக விண்ணப்பித்தவர்கள் வேறு வேலைகளைத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் பெரியப்பா