தேதி கடந்த இனிப்பும் மேலே ஒட்டிய ஸ்டிக்கரும்: கடை உரிமையாளருக்குக் கடிதம் எழுதும் முறை

பெட்டியில் அச்சான தேதியின்மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டி விற்கப்பட்ட இனிப்பைப் பற்றிக் கடை உரிமையாளருக்கு எழுதப்படும் கடிதம், கண்ணால் கண்டதை உறுதியாகச் சொல்லி, ஊகித்ததைக் கேள்வியாக மட்டும் கேட்கும்போதே பயன் தருகிறது. ஸ்டிக்கரை ஒட்டியது கடைக்காரரா, மொத்த வியாபாரியா, தயாரித்தவரா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. தெரியாததைக் குற்றச்சாட்டாக எழுதினால், உரிமையாளர் அந்த ஒன்றை மட்டும் மறுத்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்லாமல் தப்பிவிட முடியும்.

முதல் வேலை பெட்டியை இருந்தபடியே காப்பது. ஸ்டிக்கரைப் பிய்த்துப் பார்க்கத் தோன்றும்; அப்படிப் பிய்த்தால் அடியில் இருக்கும் அச்சும் சேர்ந்து உரிந்துவிடலாம் என்பதோடு, அதை ஒட்டியதே வாங்கியவர்தான் என்று பிற்பாடு வாதிடவும் இடமுண்டாகும். அறை விளக்கை அணைத்து, கைப்பேசியின் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்வாகப் பாய்ச்சினால் ஸ்டிக்கரின் விளிம்பும் அதன் தடிப்பும் தெளிவாகத் தெரியும். கண்ணாடித்தாள் உறையாக இருந்தால், பின்புறத்திலிருந்து ஒளி செலுத்தும்போது அடியிலுள்ள எண்களையே பல நேரம் படிக்க முடியும். பெட்டி முழுவதும் தெரிய ஒரு படம், தேதிப் பகுதியை நெருக்கமாக ஒரு படம், தொகுதி எண், அதாவது ஒரே வேளையில் தயாரான சரக்குக்கு இடப்படும் அடையாள எண், தெரிய ஒரு படம், உணவு உரிமத்தின் 14 இலக்க எண் தெரிய ஒரு படம் என எடுத்தபின், பெட்டியைப் பிரிக்காமல் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. கடை ரசீதை அன்றே நகலெடுத்துவிட வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துப்போகும்.

ஸ்டிக்கர் மங்கியிருப்பதற்கும் பெரும்பாலும் அதே காரணம்தான். கடைத் தராசோடு இணைந்த சிறு அச்சுப்பொறி, மையில்லாமல் சூட்டால் கறுக்கும் தாளில் அச்சிடுகிறது; வெயில், கண்ணாடி அலமாரி விளக்கின் சூடு, நெய்ப்பிசுக்கு ஆகியவை அந்த எழுத்தை அழித்துவிடும். ஆகவே மங்கல் ஒன்றையே ஏமாற்றுக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகாது. இந்தியாவின் முகப்புச்சீட்டு விதிகள் எழுத்து தெளிவாகவும் அழியாததாகவும் இருக்க வேண்டும் என்று கூறுவதால் மங்கலும் குறைதான். ஆனால் அடியில் ஒரு தேதியும் மேலே அதற்குப் பிந்திய தேதியும் இருப்பது அதைவிடப் பெரிய குறை. கடிதத்தில் இவ்விரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

அடுத்து, பெட்டியில் தேதிக்கு முன் எந்தச் சொல் அச்சாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘எக்ஸ்பயரி’ அல்லது ‘யூஸ் பை’ என்பது பயன்பாட்டுக் காலம் முடியும் நாளைக் குறிக்கிறது. அந்நாளுக்குப் பின் பொருளை விற்கக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது சுவையும் தரமும் குறையாமல் இருக்கும் காலத்தைக் குறிக்கிறது. அது கடந்தாலும் பொருள் கெடாமல் இருக்கக்கூடும். 2020ஆம் ஆண்டின் முகப்புச்சீட்டு ஒழுங்குமுறைகள் முதல் வகைத் தேதியைக் கட்டாயமாக்கி, இரண்டாவதைக் கூடுதலாகக் குறிக்க மட்டுமே இடமளிக்கின்றன. எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் கடிதத்தில் எடுத்தெழுத வேண்டும்; இந்த இடத்தில் தவறினால் கடிதம் முழுவதும் வலுவிழக்கும்.

சட்டத்தைக் குறிப்பிட இரண்டு வரிகள் போதும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, பிரிவு 27(3)இன்படி, காலாவதியான உணவை விற்றதற்கு விற்பனையாளரே பொறுப்பு. ஆதலால் ஸ்டிக்கரை யார் ஒட்டினார்கள் என்பதை நிறுவும் சுமை வாங்கியவருக்கு இல்லை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011, பொட்டல அறிவிப்புகளை ஸ்டிக்கர் ஒட்டி மாற்றுவதைத் தடுக்கின்றன. விலையைக் குறைத்துக் காட்டுவதற்கு மட்டும், அதுவும் பழைய விலையை மறைக்காமல், விலக்கு உண்டு.

தீபாவளி கழிந்த வாரத்தில் இத்தகைய மிச்சச் சரக்கு அதிகம் தேங்குவதால், அக்காலத்தில் வாங்கிய கால் கிலோ பால்கோவாப் பெட்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டால், கடிதத்தின் உடல் இவ்வாறு அமையலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடையில் 25.10.2025 மாலை வாங்கிய 250 கிராம் பால்கோவாப் பெட்டி தொடர்பாக இக்கடிதம் எழுதப்படுகிறது. ரசீதின் நகலும் நான்கு படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. பெட்டியில் ‘யூஸ் பை 20.10.2025’ என்று அச்சாகியுள்ளது. அதன்மேல் ஒட்டப்பட்ட ஸ்டிக்கரில் எழுத்து மங்கியிருப்பினும் ‘05.11.2025’ என்று படிக்க முடிகிறது. பெட்டி பிரிக்கப்படாமல் உள்ளது. தாங்கள் வந்து பார்வையிடலாம். இந்த ஸ்டிக்கர் யாரால், எப்போது ஒட்டப்பட்டது என்பதையும், இதே தொகுதி எண் கொண்ட மற்றப் பெட்டிகள் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டனவா என்பதையும் 10 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும், பெட்டியின் விலையைத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

இதில் திட்டு இல்லை, நோய் பற்றிய பேச்சும் இல்லை. இனிப்பைத் தின்று உடல்நலம் கெட்டிருந்தால் மருத்துவச் சீட்டோடு அதைத் தனியே சேர்க்கலாம். கெடாதபோது ‘விஷம்’ என்று எழுதுவது பொய்யாகும். முன்பே பெட்டியைப் பிரித்திருந்தால், சிக்கு வாடை, புளிப்பு, பூசணம் என உணர்ந்ததை உணர்ந்தபடி எழுதலாம். புகார் செய்யாமலிருக்கப் பெருந்தொகை கேட்பது மிகப் பெரிய தவறு. அது மிரட்டிப் பணம் பறித்தலாகக் கொள்ளப்பட்டு, கேட்டவர்மீதே வழக்கு திரும்பக்கூடும்.

கடிதத்தை இரண்டு படிகள் எடுத்து நேரில் கொடுத்து, ஒரு படியில் தேதியோடு கையொப்பமும் கடை முத்திரையும் வாங்கிக்கொள்வதே எளிய வழி. வாங்க மறுத்தால், ஒப்புகை வசதியுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி அதன் ரசீதைக் காக்க வேண்டும். கல்லாவில் இருக்கும் பணியாளரிடம் ஒப்படைத்து வருவதில் பயனில்லை. உரிமத்தில் உள்ள பெயருக்கே கடிதம் செல்ல வேண்டும், அந்த உரிமத்தைக் கடையில் பார்வையில் படும்படி மாட்டி வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

இக்கடிதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அலமாரியில் இதே ஸ்டிக்கரோடு வேறு பெட்டிகளும் இருந்தால், கடிதம் உரிமையாளருக்கு முன்னெச்சரிக்கையாகிவிடும். மறுநாளே சரக்கு மறைந்துபோகலாம். அந்நிலையில் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் முதலில் புகார் அளித்து, அதன்பின் கடிதம் எழுதுவதே சரி. பொருளைத் தாமே ஆய்வகத்தில் சோதிக்க விரும்புவோர், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 40இன்படி அந்த எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் தோன்றும் ஐயத்துக்கு இவ்வழி உதவாது.

10 நாட்களில் பதில் வராவிட்டால், கடிதப் படியையும் ஒப்புகையையும் இணைத்து நியமன அலுவலரிடம் மனு அளிக்கலாம், அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதானால், குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். அதுவரை பெட்டி குளிர்பெட்டியிலேயே, ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருக்கட்டும்.