முன்பணம் கட்டிய நாள் விலையா, நகை வாங்கும் நாள் விலையா?

கேள்வி: கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் தை மாதம் வந்ததும், மகள் கல்யாணத்துக்காக உள்ளூர் நகைக்கடையில் 3 பவுன் செயினுக்கு ஆர்டர் கொடுத்து 1,08,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். அன்று கிராம் 9,000 ரூபாய். ரசீதில் எடை, அன்றைய கிராம் விலை, முன்பணம், நகை தரும் தேதி எல்லாம் எழுதியிருக்கிறார்கள். சொன்ன தேதியில் கிராம் 9,200 ஆகியிருந்தது, நகை தயாராகவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இப்போது 9,600 என்று முழு எடைக்கும் புது விலை போடுகிறார்கள். எங்கள் பகுதி நகை வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒரு கூட்டத்தில், தினசரி விலை ஏற்ற இறக்கத்தை வாடிக்கையாளருக்கு ஒளிக்காமல் விளக்கிச் சொல்லுங்கள் என்று பேசினார். அந்தப் பேச்சைக் காட்டிப் பழைய விலையைக் கேட்க முடியுமா?
— ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: பேச்சைக் காட்டிக் கேட்க முடியாது, ரசீதைக் காட்டிக் கேட்கலாம். சங்கத் தலைவரின் பேச்சு உறுப்பினர்களுக்கான அறிவுரை. அதை மீறியதற்காக ஒரு கடை மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அவர் சொன்ன விஷயம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.

தங்கத்துக்கு அரசு விலை நிர்ணயிப்பதில்லை. சென்னையில் நகை, வைர வியாபாரிகள் சங்கம் அறிவிக்கும் விலையைத்தான் தமிழ்நாட்டுக் கடைகள் பெரும்பாலும் பலகையில் எழுதுகின்றன. சில நாட்களில் காலை ஒன்று, மாலை ஒன்று என மாறும். உலகச் சந்தை, டாலர் மதிப்பு, இறக்குமதி வரி மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. 2024 ஜூலையில் மத்திய பட்ஜெட் வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும் விலை சட்டென்று இறங்கியது நினைவிருக்கும். ஆகவே விலை ஏறியது கடைக்காரரின் குற்றமல்ல. எந்த நாள் விலை உங்களுக்குப் பொருந்தும் என்பதுதான் வழக்கு.

சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 9-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. விலையை ஒப்பந்தத்திலேயே முடிவு செய்யலாம், அல்லது எப்படி முடிவு செய்வது என்று பேசிக்கொள்ளலாம், அதுவும் இல்லையென்றால் இரு தரப்புக்கும் இடையே நடந்துவந்த வழக்கத்தைப் பார்க்க வேண்டும். கடைகளில் மூன்று விதம் உண்டு: முழு எடைக்கும் விலையைப் பிடித்து வைப்பது, கட்டிய பணத்துக்கு ஈடான எடைக்கு மட்டும் பிடித்து வைப்பது, நகை எடுக்கும் நாள் விலையையே போடுவது. உங்கள் ரசீதில் 24 கிராமும் 9,000 ரூபாயும் சேர்ந்தே இருக்கின்றன. 'டெலிவரி நாள் விலை' என்று எங்கும் இல்லை. இது உங்களுக்குச் சாதகமான சான்று. ஆனாலும் அன்றைய விலையைத் தகவலுக்காகவே குறித்தோம் என்று கடைக்காரர் வாதிடலாம். ஆர்டர் கொடுத்தபோது உடன் இருந்தவர் யார், என்ன பேசினீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

பணத்தில் வித்தியாசம் எவ்வளவு? கிராமுக்கு 600 என்றால் 24 கிராமுக்கு 14,400 என்று நினைப்போம். அதோடு நிற்காது. சேதாரம் 10 சதவீதம் என்றால் 2.4 கிராமுக்கும் புது விலைதான். 26.4 கிராமுக்கு 15,840 ரூபாய். அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 16,315 ரூபாய். சேதாரமும் விலையோடு ஏறும் என்பதைத்தான் பல கடைகளில் சொல்வதில்லை. சங்கத் தலைவர் கேட்ட விளக்கம் இந்த இடத்தில்தான் தேவை.

முன்பணத்துக்கு ஈடான எடைக்கு மட்டுமே பழைய விலை என்று முடிவானால், 1,08,000 ரூபாய் 12 கிராமுக்கு ஈடு என்பதால் இந்த 16,315 ரூபாயில் பாதி கிடைக்கும். விலையே பிடித்து வைக்கப்படவில்லை என்று ஆனாலும் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சொன்ன தேதியில் தந்திருந்தால் 9,200 தான் கொடுத்திருப்பீர்கள். அதற்கு மேலான 400 ரூபாய் ஏற்றம் தாமதத்தால் வந்த நஷ்டம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 73-வது பிரிவின்படி அதைக் கேட்கலாம். சேதாரமும் வரியும் சேர்த்து அது சுமார் 10,877 ரூபாய். என் பார்வையில் உங்கள் வழக்கின் உறுதியான பகுதி இதுதான், ஏனென்றால் தேதி ரசீதில் இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விலையைப் பிடித்து வைத்த பிறகு தங்கம் இறங்கியிருந்தால், நீங்களும் 9,000 ரூபாய் கொடுக்கக் கட்டுப்பட்டவர்தான். இரண்டில் எது குறைவோ அந்த விலை என்ற சலுகை வேண்டுமானால் அதை ரசீதில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

கல்யாணத் தேதி நெருங்குவதால் நகையை விட்டுவிட்டு வழக்குக்குப் போகாதீர்கள். விலை பற்றிய ஆட்சேபத்தைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் கடையின் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு பணம் கட்டி நகையை எடுங்கள். பில்லில் நிகர எடை, காரட், கிராம் விலை, சேதாரம் அல்லது செய்கூலி, ஹால்மார்க் கட்டணம், வரி ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை.

அடுத்து அந்தச் சங்கத் தலைவரிடமே ரசீதோடு போங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன் பிறகு திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை கும்பகோணத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.