காரணம் எதுவாயினும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்த் தரம் பிரித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, முதன்முதலாக வீடு வாங்க முனைந்தாள் அவள். விலை 12 இலட்சம், முன்பணம் 1,50,000, மீதிக்கு வங்கிக் கடன்.

ஆவண எழுத்தர் கிரய ஒப்பந்தத்தை விரைந்து வாசித்து, கையொப்பத்திற்கு நீட்டினார். அவள் வாங்கி, மெல்லப் படித்தாள். மூன்றாம் பக்கத்தின் அடியில், நெருக்கிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘30 நாள்களுக்குள் கிரயம் முடியாவிடில், காரணம் எதுவாயினும், முன்பணம் விற்பவரையே சேரும்.’

“ஐயா, தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரிபார்த்த பிறகே வங்கி கடன் தரும். உங்கள் பத்திரத்தில் குறையிருந்து கடன் மறுக்கப்பட்டால், என் பணம் போகலாமா?”

“எல்லாரும் எழுதுவதுதானம்மா. வேறு ஆளும் கேட்கிறார்.”

அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. வீட்டை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் இழப்பு அவருக்கே.

“நானாகப் பின்வாங்கினால் முன்பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பத்திரக் குறையால் கடன் கிடைக்காவிடில் திருப்பித் தாருங்கள். தவணை 90 நாள் வேண்டும்.”

“90 முடியாது. 60.”

அவள் இசைந்தாள். ஆயினும், 15 நாள்களுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னாள். “வாய்ச்சொல் போதாதா, தாயி?” என்று முதியவர் சிரித்தார்.

“நாளை உங்கள் பிள்ளைகள் கேட்டால், தாள்தானே பேசும் ஐயா?”

‘காரணம் எதுவாயினும்’ நீங்கியது. புதிதாக அச்சிட்ட பக்கத்தை அவள் மீண்டும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.