வருகைக் கணக்கு ஒருவர் கையில் இருக்கட்டும்

பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் கல்யாணம். வருகிறவர் கணக்கு உங்கள் தங்கையிடம். அப்போது கிள்ளான் மாமா போன் செய்கிறார்: "எங்க பக்கத்து ஆளுங்களை நான் பாத்துக்கிறேன், என் நம்பரையும் போடும்மா."

அன்பில் சொல்வதுதான். ஆனால் ஒரே குடும்பம் தங்கையிடம் 4 பேர் என்றும், மாமாவிடம் 6 பேர் என்றும் சொல்லும். இரண்டு பட்டியலையும் கூட்டினால் 10, வருவதோ 6. இப்படி ஐந்து குடும்பம் என்றால் 20 பேர் அதிகம். பத்துப் பேர் மேசைக்குக் காசு கட்டும் மண்டபத்தில் இரண்டு மேசைச் சாப்பாடு வீண்.

"பார்க்கலாம் மாமா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அன்று மாலையே நாலு பேருக்குச் சொல்லிவிடுவார். குடும்ப வாட்சாப் குழுவிலும் மறுக்க வேண்டாம். நேரில் அல்லது போனில், அன்றைக்கே சொல்லுங்கள்:

"மாமா, கணக்கு தங்கச்சிகிட்ட மட்டும் இருக்கட்டும். ரெண்டு பேர் எழுதினா மேசை தப்பாயிடும். யாராவது கேட்டா அவ நம்பரைக் குடுத்துடுங்க."

காரணம் மேசைதான், மாமாவின் திறமை அல்ல என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அவருக்கென்று ஒரு வேலை இருந்தால் இடம், நேரத்தோடு கேளுங்கள். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வரும் பெரியவர்களுக்கு கேஎல் சென்ட்ரலில் வழி தெரியாது. காலை எட்டு மணிக்கு அங்கே நின்று அழைத்துவர, எல்லார் முகமும் தெரிந்த மாமாதான் சரி. அப்படி வேலை இல்லையென்றால் இட்டுக்கட்டாதீர்கள்.

ஏற்கெனவே பெயர் எழுதியிருந்தால், தங்கை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்துத் தன் நோட்டில் ஏற்றிக்கொள்ளட்டும்.