மாத்திரையை விழுங்காதவரும் கணக்கில் உண்டு

கேள்வி: மருந்து ஆய்வில் பாதியில் மாத்திரையை நிறுத்தியவர்களையும் ஏன் மருந்துக் குழுவிலேயே எண்ணுகிறார்கள்? ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் பார்த்தால்தானே பலன் தெரியும்?

பதில்: அப்படிப் பார்த்து ஏமாறவிருந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து பிழைத்த ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குக் கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட்டும், சிலருக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். பின்வரும் கணக்கு 1980-இல் வெளியானது. ஐந்தாண்டில் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 20.0 சதவீதம், போலிக் குழுவில் 20.9. பெரிய வித்தியாசமில்லை.

மருந்துக் குழுவை மட்டும் பிரித்தால் படம் மாறுகிறது. தரப்பட்டதில் 80 சதவீதமாவது சாப்பிட்டவர்களில் 15.0 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 24.6. அடடா, மருந்து வேலை செய்கிறதே! ஆனால் போலி மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களில் 15.1, விழுங்காதவர்களில் 28.2.

போலி மாத்திரை யாரையும் காப்பாற்றியிருக்காது. உடம்பு தேறியவரும் தன்னைக் கவனித்துக்கொள்பவரும்தான் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள். குலுக்கல் இரு குழுக்களையும் சமமாக்கியது. நிறுத்தியவர்களை நீக்கினால் அந்தச் சமநிலை போய்விடும்.

எல்லோரையும் எண்ணும் முறைக்கும் குறையுண்டு. பலர் மருந்தை நிறுத்தினால் இரு குழுக்களும் ஒன்றுபோலத் தெரியும். அதனால், புது மருந்து பழையதைவிட மோசமில்லை என்று மட்டும் காட்ட முயலும் ஆய்வுகளில் எல்லோரையும் எண்ணிய கணக்கு, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் எண்ணிய கணக்கு இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.